ஏர்போர்ட்டில் அத்தையை அழைத்து வருவது எப்படி: கம்பி ஓரம் நிற்பதிலிருந்து டிக்கியை மூடும் வரை

நீண்ட பயணம் முடித்து வருகிற சொந்தக்காரரை வாசலில் பார்த்து, "வாங்க" சொல்லி, பெட்டியை வாங்கி வண்டியில் ஏற்றுவதற்கு ஒரு வழிகாட்டி தேவையா என்று கேட்பீர்கள். எங்கள் வீடு பெருங்களத்தூரில். ஏர்போர்ட்டுக்கு அரை மணி நேரம்தான் என்பதால் குடும்பத்தில் யார் வெளிநாட்டிலிருந்து வந்தாலும் "அவன் பக்கத்துலதானே இருக்கான், போய்ட்டு வந்துடுவான்" என்று என் தலையில்தான் விழும். இருபது தடவைக்கு மேல் போயிருக்கிறேன், முதல் பத்து தடவை ஏதாவது ஒன்றைச் சொதப்பியிருக்கிறேன். அந்தச் சொதப்பல்களை வைத்து எழுதியது இது.

பொதுவாகச் சொன்னால் புரியாது, ஒரே ஒரு பயணத்தை எடுத்துக்கொள்கிறேன். போன ஜூலையில் அத்தை வந்தார். வயது 68, முழங்கால் வலி உண்டு, டொராண்டோவிலிருந்து துபாய் வழியாகச் சென்னை. இரண்டு பெரிய பெட்டி, ஒரு கேபின் பெட்டி, ஒரு ஹேண்ட்பேக், ஒரு துணிப்பை, ஒரு கைத்தடி.

முதலில் தேதி

அத்தை போனில் சொன்னது: "சனிக்கிழமை நைட்டு வந்துடுவேன்பா." டிக்கெட்டில் இருந்தது: ஞாயிறு 02:50. இரண்டும் ஒன்றுதான், ஆனால் கேட்பவர் காதில் ஒன்றாக விழாது. "ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ரெண்டே முக்கால்" என்று புரிந்துகொண்டு ஞாயிறு சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பி, ஆள் வந்து இருபத்து நான்கு மணி நேரம் கழித்துப் போய் நின்றவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அதனால் வாய்வார்த்தையை நம்பாமல் டிக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விமான எண்ணும் அதில் கிடைத்துவிடும். வாங்க வேண்டியது கடைசி விமானத்தின் எண்ணை, அதாவது துபாய்–சென்னை எண்ணை. டொராண்டோவில் ஏறும் விமானத்தின் எண்ணை வைத்துக்கொண்டு போனில் தேடினால் துபாயில் எப்போது இறங்கியது என்று மட்டும்தான் காட்டும்.

அத்தையின் கணக்கு இது. வெள்ளி இரவு 10 மணிக்கு டொராண்டோவில் கிளம்பி, 13 மணி நேரம் பறந்து, துபாயில் இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் காத்திருந்து, மறுபடி 4 மணி நேரம் பறந்து ஞாயிறு அதிகாலை சென்னை. நடுவில் சனிக்கிழமை முழுவதும் வானத்திலும் துபாயிலும் போய்விடுகிறது. வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியதிலிருந்து நம் வாசலில் தலை காட்டும்வரை கிட்டத்தட்ட 25 மணி நேரம். கூடவே இன்னொன்றையும் போட்டுப் பார்த்துவிடுங்கள். ஜூலையில் டொராண்டோ நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். அத்தை வெளியே வரும்போது நமக்கு அதிகாலை நாலரை, அவர் உடம்புக்கு முந்தைய நாள் மாலை ஏழு. அதாவது உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு ஒடிந்திருக்கும், ஆனால் தூக்கக் கலக்கமாக இருக்க மாட்டார், ராத்திரிச் சாப்பாட்டுப் பசியோடு இருப்பார். நாம்தான் தூங்கி வழிவோம்.

எப்போது கிளம்புவது

02:50 என்பது விமானம் வந்து சேரும் நேரம். ஆள் வெளியே வரும் நேரம் வேறு. அத்தை வந்த அன்று நடந்தது: 2:50க்கு இறங்கியது, கதவு திறந்தபோது 3:05. வீல்சேர் கேட்டவர்களைக் கடைசியில்தான் இறக்குவார்கள், அதில் ஒரு பதினைந்து நிமிடம். இமிக்ரேஷன் முடிய 3:45. பெல்ட்டில் இரண்டாவது பெட்டி வர 4:15. கஸ்டம்ஸ் தாண்டி வெளியே வந்தபோது 4:25. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். பெட்டி எதுவும் போடாமல் கையில் உள்ளதோடு வரும் இளவயதுக்காரர் அரை மணி நேரத்தில்கூட வந்துவிடலாம், அதனால் யார் வருகிறார், என்ன கொண்டு வருகிறார் என்பதைப் பொறுத்துக் கணக்குப் போடுங்கள். அதிகாலையில் நான்கைந்து வெளிநாட்டு விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும், அந்த நேரத்தில் இமிக்ரேஷன் வரிசைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

நான் கடைப்பிடிப்பது இதுதான். விமானம் இறங்கியது என்று போனில் காட்டிய பிறகுதான் வண்டியை எடுப்பேன். பெருங்களத்தூரிலிருந்து அந்த நேரத்தில் 25 நிமிடம், வண்டியை நிறுத்தி நடக்க 15 நிமிடம், அப்படியும் முக்கால் மணி நேரம் மிச்சம். மதுரையிலிருந்தோ வேலூரிலிருந்தோ வருபவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, அவர்கள் முன்கூட்டியே வந்து காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மணிக்கே போய் நின்று கால் வலித்து, ஆள் வரும் நேரத்தில் சிடுசிடுவென்று இருப்பதில் பயன் இல்லை. வாசலில் அவர் முதலில் பார்க்கப்போவது நம் முகத்தை.

மெட்ரோவை இந்த நேரத்துக்கு நம்ப வேண்டாம். விமான நிலையத்திலேயே ஸ்டேஷன் இருக்கிறது, ஆனால் நள்ளிரவுக்குப் பின் ஓடாது. பகலில் வந்தாலும் இரண்டு பெரிய பெட்டியோடு அது சரிவராது.

வண்டி: சிஎன்ஜி சிலிண்டரைக் கேளுங்கள்

இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. வட அமெரிக்காவிலிருந்து வருபவர்களுக்கு சாதாரண டிக்கெட்டில் பெரும்பாலும் 23 கிலோவில் இரண்டு பெட்டி அனுமதி, இரண்டையும் கிராம் சுத்தமாக நிரப்பித்தான் கொண்டு வருவார்கள். அந்தப் பெட்டி ஒவ்வொன்றும் நம் இடுப்பு உயரம் வரும். சின்ன செடான் டிக்கியில் இரண்டைப் படுக்க வைத்தால் சரியாக இருக்கும், கேபின் பெட்டி முன் சீட்டுக்குப் போகும். வாடகை வண்டி கூப்பிட்டு, அது சிஎன்ஜி வண்டியாக வந்துவிட்டால் டிக்கியில் பாதியைச் சிலிண்டர் பிடித்திருக்கும், ஒரு பெட்டி நுழைந்தாலே பெரிது. அதிகாலை நாலரைக்கு ஓட்டுநரும் நீங்களும் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதை அத்தை நின்று வேடிக்கை பார்ப்பார். வண்டி பேசும்போதே "சிஎன்ஜியா, டிக்கி காலியா" என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொரு விஷயம், அழைக்கப் போகிறவர்களின் எண்ணிக்கை. பாசத்தில் நான்கு பேர் காரில் போய்விட்டு, வருகிறவரும் பெட்டியும் எங்கே உட்காருவது என்று அங்கே போய் யோசிப்பது நம் ஊர் வழக்கம். இரண்டு பேர் போதும். ஒருவர் வாசலில், ஒருவர் வண்டியில்.

அவர் கிளம்புவதற்கு முன் அனுப்ப வேண்டிய செய்தி

வாசலில் நடக்கப்போகும் குழப்பத்தில் பாதியை இங்கேயே தீர்த்துவிடலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வீல்சேர் பதிவு செய்யச் சொல்லுங்கள். விமான நிறுவனத்திடம் 48 மணி நேரம் முன்பாவது சொல்லிவிட வேண்டும். "நான் என்ன நடக்க முடியாதவளா" என்று அத்தை கோபித்துக்கொண்டார். நடக்க முடியும், ஆனால் விமானக் கதவிலிருந்து இமிக்ரேஷன் வரை நீளமாக நடந்து, அப்புறம் வரிசையில் நிற்க முடியாது என்பவர்களுக்கென்றே அதில் ஒரு வகை இருக்கிறது, டிக்கெட்டில் WCHR என்று வரும். படி ஏறி இறங்க முடியும், தூரம்தான் முடியாது என்று அர்த்தம். இதைச் சொன்ன பிறகுதான் ஒப்புக்கொண்டார். வீல்சேரில் வருபவரை உதவியாளரே பெல்ட் வரை கூட்டிப்போய், பெட்டி எடுக்க உதவி, வெளிவாசல் வரை கொண்டு வந்து விடுவார். உள்ளே நாம் போக முடியாது என்பதால் இது பெரிய உதவி.

அப்புறம் நான் அனுப்பிய செய்தியை அப்படியே தருகிறேன், வேண்டுமானால் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்:

"அத்தை, வெளியே வருவதற்கு முன்னாடியே உள்ளே பாத்ரூம் போய்ட்டு வந்துடுங்க. பெட்டியில் ஒட்டியிருக்கும் நம்பரும் உங்க கையில் இருக்கும் ஸ்டிக்கர் நம்பரும் ஒண்ணான்னு பார்த்துட்டு எடுங்க. பெட்டி வரலைன்னா வெளியே வராதீங்க, அங்கேயே கவுன்ட்டரில் எழுதிக் கொடுத்து நம்பர் வாங்கிக்கோங்க. உங்க போன் வேலை செய்யலைன்னாலும் பரவாயில்லை, வெளியே வந்து கம்பி முடியும் இடத்துல நீலச் சட்டையில நான் நிப்பேன். வேற யார்கிட்டயும் ட்ராலியைக் கொடுக்காதீங்க."

ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. வெளிவாசலைத் தாண்டிவிட்டால் டிக்கெட் இல்லாமல் திரும்ப உள்ளே விட மாட்டார்கள், அதனால் பாத்ரூம், பணம் மாற்றுவது, மறந்துபோன பை எல்லாம் உள்ளேயே முடிய வேண்டும். பெட்டி வராவிட்டால் பெல்ட் பக்கத்திலேயே புகார் கொடுத்து ஒரு எண் வாங்க வேண்டும், பிஐஆர் என்பார்கள். வீட்டுக்கு வந்தபின் போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் பெட்டியை எங்கே தொலைத்தோம் என்பதே வாக்குவாதமாகிவிடும். உடைந்த பெட்டி மட்டும் கொஞ்சம் இரக்கமானது, சர்வதேசப் பயணத்தில் கையில் வாங்கியதிலிருந்து 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம். ஆனால் அதையும் அங்கேயே பார்த்துச் சொல்வதுதான் சுலபம்.

ஸ்டிக்கர் எண் சமாச்சாரம் அனுபவத்தில் வந்தது. சில வருடங்களுக்கு முன் சித்தப்பா ஒரு கறுப்புப் பெட்டியை வீடு வரை கொண்டு வந்து திறந்தால் உள்ளே முழுக்கக் குழந்தை உடுப்பும் பால்பவுடரும். அந்தக் குழந்தையின் வீட்டில் எங்கள் பெட்டியைத் திறந்து மூன்று கிலோ பிஸ்தாவைப் பார்த்திருப்பார்கள். மறுநாள் முழுக்க அதை மாற்றுவதிலேயே போனது.

வெளிநாட்டு சிம் இங்கே இறங்கியதும் வேலை செய்யாமல் போவது சகஜம், இலவச வைஃபைக்கு ஓடிபி வராமல் போவதும் சகஜம். அதனால்தான் இடத்தையும் சட்டை நிறத்தையும் முன்பே சொல்லிவிடுவது. சொன்ன சட்டையைப் போட்டுக்கொண்டு போக வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நான் ஒரு தடவை மறந்தேன்.

எங்கே நிற்பது

எல்லாரும் கண்ணாடிக் கதவுக்கு நேர் எதிரே, கம்பியின் நடுவில் முண்டியடித்து நிற்பார்கள். அங்கிருந்து ஆளை முதலில் பார்க்கலாம், உண்மைதான். ஆனால் பார்த்தபின் என்ன செய்வது? நடுவில் கம்பி. வருகிறவர் கம்பிக்கு அந்தப் பக்கம் ட்ராலியோடு நின்றுவிடுவார், நீங்கள் இந்தப் பக்கத்திலிருந்து கையை நீட்டுவீர்கள், பின்னால் வரும் இருபது ட்ராலிகள் அப்படியே தேங்கும், பாதுகாப்புக்காரர் விசில் அடிப்பார். சந்தோஷம் எல்லாம் அந்த விசிலில் போய்விடும்.

கம்பி முடிகிற இடத்தில், அதாவது பயணிகள் வழி திறந்து ஜனங்களோடு கலக்கும் இடத்தில், ஓரமாக நில்லுங்கள். அவர் தெரிந்ததும் கையை உயர்த்தி அவர் பார்க்கும்வரை ஆட்டுங்கள், சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டாம். அத்தை என்று கூப்பிட்டால் முப்பது அத்தைகள் திரும்புவார்கள். அவர் உங்களைப் பார்த்துவிட்டால் "நேரா வாங்க" என்பதுபோல் கையால் காட்டிவிட்டு, நீங்கள் இரண்டடி பின்வாங்கி, நடைபாதையை அடைக்காத இடத்துக்கு அவரை வரவழையுங்கள். அங்கே வந்து சேர்ந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

முதல் அரை நிமிடம்

"வாங்க அத்தை." இது போதும். நம் மொழியில் வரவேற்பு முழுவதும் இந்த ஒரு சொல்லிலேயே இருக்கிறது, அதற்கு மேல் போடுவதெல்லாம் அவர் மூச்சு வாங்கிய பிறகு. கட்டிப்பிடிக்கிற குடும்பம் என்றால் கட்டிப்பிடியுங்கள், ஆனால் அவர் கையில் உள்ளதைக் கீழே வைத்த பிறகு. ஒரு தோளில் பை, மறு கையில் தடி வைத்திருப்பவரை நாம் பாய்ந்து அணைத்தால் அவர் நிலை தடுமாறுவார். காலில் விழுந்து கும்பிடுகிற வழக்கம் உள்ளவர்கள் அதை வீட்டுக்கு ஒத்திவையுங்கள். நீங்கள் குனியும் நேரம் பின்னால் வரும் ட்ராலி உங்கள் முதுகில் ஏறும், அதோடு "எழுந்திருப்பா, எழுந்திருப்பா" என்று அவரும் சேர்ந்து குனிவார்.

சொல்லக்கூடாதது இரண்டு உண்டு. ஒன்று, "என்ன இப்படி இளைச்சுட்டீங்க" அல்லது அதன் எதிர்ப்பதம். 25 மணி நேரம் முகம் கழுவாமல் வந்தவரிடம் தோற்றத்தைப் பற்றி எதுவும் வேண்டாம். இரண்டு, "ஏன் இவ்வளவு லேட்டு". அவர் கையில் எதுவும் இல்லை. கேட்க வேண்டியது "தண்ணி குடிக்கிறீங்களா" என்பதுதான், கேட்கும்போதே பாட்டில் கையில் இருக்க வேண்டும், மூடியைத் திறந்து கொடுங்கள். படம் எடுப்பதை வீட்டுக்குத் தள்ளிப்போடுவதும் ஒரு கருணை.

ஒரு விதிவிலக்கு. சாவுக்கு வருகிறவரை அழைக்கப் போனால் இந்த "வாங்க" கிடையாது. சிரிப்பும் கிடையாது, எப்படி இருக்கீங்க என்ற விசாரிப்பும் கிடையாது. பக்கத்தில் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்பதுதான் முறை. ட்ராலியையும் கேட்காமலே வாங்கிக்கொள்ளுங்கள், அன்றைக்கு யாரும் மறுக்க மாட்டார்கள்.

"வேண்டாம்பா, நானே எடுத்துக்கறேன்"

இதில்தான் ரொம்பப் பேர் தவறு செய்கிறார்கள், நானும் பல வருடம் செய்தேன். "பெட்டியைத் தூக்கட்டுமா அத்தை?" என்று கேட்டால் நூற்றுக்கு நூறு "வேண்டாம்பா" என்றுதான் பதில் வரும். கஷ்டம் இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. உதவியைக் கேட்டவுடன் ஏற்றுக்கொள்வது நம் பெரியவர்களுக்கு வராது, ஒரு தடவையாவது மறுத்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். நீங்கள் அந்த முதல் மறுப்பை நம்பி விட்டுவிட்டால், அவர் தானே தள்ளிக்கொண்டு வந்துவிட்டு, ராத்திரி உங்கள் அப்பாவிடம் "பையன் சும்மா கையை வீசிட்டு வந்தான்" என்பார். இதற்கு நேர்மாறாக, எதுவும் கேட்காமல் தோளிலிருந்து பையைப் பிடுங்குவது. அதுவும் தவறு, முதலாவதைவிடப் பெரிய தவறு.

எனக்குக் கைகொடுத்த வழி, சாமானை இரண்டாகப் பிரித்துக்கொள்வது. சக்கரம் உள்ளது எல்லாம் என்னுடையது, ஜிப் போட்டு உடம்போடு மாட்டியிருப்பது எல்லாம் அவருடையது. ட்ராலியையும் பெரிய பெட்டியையும் கேள்வியாகக் கேட்காமல் சொல்லிவிட்டு எடுப்பேன்: "ட்ராலியை நான் தள்ளுறேன் அத்தை, நீங்க ஹேண்ட்பேக்கை வெச்சுக்கோங்க." இந்த வாக்கியத்தின் இரண்டாவது பாதி ரொம்ப முக்கியம். ஹேண்ட்பேக்கில்தான் பாஸ்போர்ட், நகை, மாத்திரை, டாலர் எல்லாம் இருக்கிறது. துபாயிலும் இமிக்ரேஷனிலும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்திருப்பார். அதை நான் கேட்கப் போவதில்லை என்று தெரிந்ததும் மற்றதை நிம்மதியாக விட்டுவிடுவார். சொல்லிக்கொண்டே ட்ராலியின் கைப்பிடியில் ஒரு கையை வையுங்கள், இழுக்க வேண்டாம். அவர் கையை எடுக்கும்வரை சேர்ந்து நான்கடி நடங்கள். ஐந்தாவது அடியில் எடுத்துவிடுவார்.

நடுவில் விழும் சாமான் ஒன்று இருக்கிறது, அந்தத் துணிப்பை. சக்கரமும் இல்லை, ஜிப்பும் இல்லை. அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ட்ராலியின் மேலே எறியாதீர்கள். "இதுல உடையறது ஏதும் இருக்கா?" என்று கேளுங்கள். கேட்டால் பதிலும் வரும், பையும் சேர்ந்து வரும். அத்தையின் பையில் ஒரு பாட்டில் மேப்பிள் சிரப்பும், விமானத்தில் சாப்பிடாமல் எடுத்து வைத்த நான்கு பிஸ்கட் பொட்டலமும் இருந்தன.

வீல்சேரில் வந்தால் வேலை மாறும். உதவியாளர் நாற்காலியைத் தள்ளுவார், நீங்கள் ட்ராலியை எடுத்துக்கொள்ளுங்கள், நாற்காலியை அவரிடமிருந்து வாங்காதீர்கள். நாற்காலியின் வழியை மறிக்காமல் ஓரமாக, அத்தையின் கண் பார்வைக்குள் நடங்கள், பின்னால் நடந்தால் அவர் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பேசுவார். எழுந்திருக்கும் நேரத்தில்தான் கவனம் தேவை. இரண்டு பக்க பிரேக்கும் போட்டு, கால் வைக்கும் பலகையை மடித்துத் தூக்கிய பிறகுதான் எழ வேண்டும். பலகை மேலேயே காலை ஊன்றி எழுந்தால் நாற்காலி முன்பக்கம் கவிழும்.

வாசலில் தெரியாத யாராவது ஓடி வந்து ட்ராலியில் கை வைத்து இரண்டடி தள்ளிவிட்டுக் காசு கேட்பது எந்த ஊர் விமான நிலையத்திலும் நடக்கிற கதை. வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்றால் டாலரில் கேட்பார்கள். நாம் முன்பே ட்ராலியில் கை வைத்துவிட்டால் இந்தப் பிரச்சினை வராது.

வண்டி வரை, அப்புறம் டிக்கிக்குள்

வாசல் எதிரே வண்டியைச் சில நிமிடங்களுக்கு மேல் நிறுத்த விட மாட்டார்கள். அதனால் வண்டி எதிரே உள்ள அடுக்குமாடி பார்க்கிங்கில் இருக்கட்டும், அத்தையைப் பார்த்து, ட்ராலியை வாங்கி, தண்ணீர் கொடுத்த பிறகுதான் வண்டியில் இருப்பவருக்கு "எடு" என்று போன். முழங்கால் வலிக்காரரை பார்க்கிங் வரை நடக்க வைக்காமல் வண்டியை அவரிடம் வரவழைப்பதுதான் இதில் சூட்சுமம்.

ட்ராலியைப் பொறுத்தவரை, பெரிய பெட்டிகள் அடியில் படுத்திருக்க வேண்டும். நிற்க வைத்து அடுக்கினால் முன்னால் யார் போகிறார் என்று தெரியாது. நிறைய ட்ராலிகளில் கைப்பிடிக் கம்பியை அழுத்தினால்தான் நகரும், விட்டால் நிற்கும். "ஓடவே மாட்டேங்குது" என்று உதைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நடைபாதை விளிம்பில் நேராக இறக்காதீர்கள், முன்சக்கரம் இறங்கியதும் மேல்பெட்டி ரோட்டில் விழும். சரிவு எங்கே இருக்கிறதோ அங்கே சுற்றிப் போங்கள்.

23 கிலோ என்பது ஒரு மூட்டை சிமென்ட்டில் கிட்டத்தட்ட பாதி. தனியாகத் தூக்கலாம், ஆனால் தூக்கக்கூடாத விதம் ஒன்று உண்டு. இழுக்கும் நீளக் கம்பியைப் பிடித்துத் தூக்குவது. அது இழுக்க மட்டுமே, தூக்கினால் கழன்று வரும். முதலில் கம்பியை உள்ளே அழுத்திவிடுங்கள். பெட்டியை வண்டிக்கு ஒட்டினாற்போல் நிறுத்தி, மேலே ஒரு கைப்பிடி, பக்கவாட்டில் ஒரு கைப்பிடி இரண்டையும் பிடித்து, முழங்காலை மடக்கி, பெட்டியை உடம்போடு சேர்த்துக்கொண்டு எழுங்கள். கையை நீட்டி இடுப்பைத் திருப்பி உள்ளே வீசினால் அடுத்த ஒரு வாரம் நீங்கள்தான் வீல்சேர். இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கு ஒரு முனை. இதில் அத்தை "நானும் ஒரு கை பிடிக்கறேன்" என்று வருவார், அவரிடம் தடியையும் துணிப்பையையும் கொடுத்து முதலில் வண்டியில் உட்கார வைத்துவிடுங்கள். உட்காருவதற்கு முன் ஏசி ஓடிக்கொண்டிருக்கட்டும்.

மாத்திரை இருக்கும் பையை டிக்கியில் போடாதீர்கள். ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுபவர் எந்த ஊர் நேரப்படி அடுத்ததைப் போடுவது என்று குழம்பியிருப்பார், கையில் இருந்தால் கடைசியாக எப்போது போட்டார் என்று பார்த்து அவருடைய டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

வண்டி கிளம்பியதும் காலைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள். நீண்ட நேரம் உட்கார்ந்து வந்ததில் இரண்டு பாதமும் கணுக்காலும் வீங்கியிருப்பது சாதாரணம், செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை உயர்த்தி வைத்தால் ஒன்றிரண்டு நாளில் வடியும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் அது வேறு. ரத்தக் கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். அதோடு மூச்சு வாங்குகிறது, நெஞ்சு வலிக்கிறது என்றால் வீட்டுக்குப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிதான். வீட்டுக்கு வந்து நான்கு நாள் கழித்துத் தெரிந்தாலும் இதே விதிதான், பயணம் முடிந்துவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது.

உருப்படிகளை எண்ணுவது

டிக்கியை மூடுவதற்கு முன் எண்ணுங்கள். அத்தையின் கணக்கில் ஆறு: பெரிய பெட்டி இரண்டு, கேபின் பெட்டி, ஹேண்ட்பேக், துணிப்பை, தடி. வாயால் சொல்லி, அவர் காதுபட எண்ண வேண்டும், விடுபட்டது அவருக்குத்தான் நினைவு வரும். அன்று நான் ஐந்தோடு நிறுத்திவிட்டு மூடினேன். அத்தை தன் சீட்டின் பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு "என் கோல் எங்கேப்பா?" என்றார். உட்காரும்போது காரில் சாய்த்து வைத்தது, கதவைச் சாத்தியதில் சரிந்து வண்டிக்கு அடியில் கிடந்தது. ஒரு நிமிடம் தாமதித்திருந்தால் பின்சக்கரம் அதன் மேல்தான் ஏறியிருக்கும்.